கேலரிக்குத் தெரியாத இடங்கள்

இந்த அத்தியாயம் முழுவதற்கும் நமக்கு ஒரு மாதிரிப் போன் வேண்டும். 64 ஜிபி கொள்ளளவுள்ள ஆண்ட்ராய்டு போன் என்று வைத்துக்கொள்வோம். வைத்திருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை. நான்கு ஆண்டுகளாக அதையே பயன்படுத்துகிறார். வகுப்புக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று என்று வாட்ஸ்அப் குழுக்கள் நிறைய. படம் எடுக்கும் பழக்கம் குறைவு. கேமராவில் எடுத்தவை 420 படங்கள், எல்லாம் சேர்த்து ஒரு பதினெட்டு நிமிட வீடியோ, அவ்வளவுதான். ஆனாலும் ‘ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது’ என்ற அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. பத்துப் படங்களை அழிக்கிறார். மறுநாள் அதே அறிவிப்பு மறுபடி வருகிறது.

முதலில் அவருடைய படங்களையும் வீடியோக்களையும் கணக்குப் போடுவோம். சாதாரண போன் கேமராவில் எடுத்த படம் ஒன்று சுமார் 3 எம்பி வரும். 420 படங்களுக்கு 1.3 ஜிபி. 1080பி தரத்தில் நொடிக்கு 17 மெகாபிட் வீதம் பதிவாகும் வீடியோ, நிமிடத்துக்கு ஏறத்தாழ 127 எம்பி பிடிக்கும். பதினெட்டு நிமிடத்துக்கு 2.3 ஜிபி. இரண்டும் சேர்ந்து 3.6 ஜிபி. போனின் மொத்தக் கொள்ளளவில் இது பதினேழில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆக, ‘என்னிடம் படங்களே அதிகம் இல்லையே’ என்று அவர் சொல்வது முழுக்க உண்மை. பத்துப் படங்களை அழித்துக் கிடைக்கும் 30 எம்பி, ஒரு செயலி தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்குக்கூடக் காணாது.

மீதி எங்கே போனது? இயங்குதளமும் போனுடனேயே வந்தவையும் 16 ஜிபி. பிறகு நிறுவிய செயலிகளும் அவை தமக்கென்று ஒதுக்கிவைத்திருக்கும் தரவுகளும் 19 ஜிபி. வாட்ஸ்அப்பின் ஃபோல்டர் மட்டும் 20 ஜிபி. கேமராவில் எடுத்தவை நாம் பார்த்த 3.6 ஜிபி. அழித்துவிட்டதாக அவர் நினைத்திருக்கும் கோப்புகள் 3.4 ஜிபி. Download ஃபோல்டரில் 1.6 ஜிபி. காலியாக இருப்பது 0.4 ஜிபி. ஆக 64. இந்த அளவுகள் போனுக்குப் போன் மாறும். ஆனால் எந்தெந்த இடங்களில் தேட வேண்டும் என்பது பெரும்பாலும் மாறாது.

இன்னும் 0.4 ஜிபி காலியாக இருக்கும்போதே போன் ஏன் நிரம்பிவிட்டதாகச் சொல்கிறது? ஆண்ட்ராய்டின் மூல நிரலில் இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். மொத்த இடத்தில் 5 விழுக்காடு, அல்லது 500 எம்பி. இரண்டில் எது சிறியதோ அதற்குக் கீழே காலியிடம் இறங்கினால் எச்சரிக்கை வரும். 64 ஜிபி போனில் 5 விழுக்காடு என்பது 3 ஜிபிக்கும் மேல். ஆகவே 500 எம்பிதான் எல்லை. போன் தயாரிப்பாளர்கள் இதைத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வதும் உண்டு. எல்லை ஒன்று தேவைப்படுவதற்குக் காரணம், ஒரு செயலியைப் புதுப்பிக்கும்போது பழையதும் புதியதும் சிறிது நேரமாவது சேர்ந்து இருக்க வேண்டியிருப்பதுதான். குறுஞ்செய்தி வந்தால் எழுதிவைக்கவும் இடம் வேண்டும்.

சேமிப்புச் சில்லின் இயல்பும் இதில் ஒரு காரணம். போனில் இருப்பது நேண்ட் ஃபிளாஷ் வகைச் சில்லு. அதில் ஏற்கெனவே எழுதப்பட்ட இடத்தின்மேல் நேரடியாக இன்னொன்றை எழுத முடியாது. எழுதுவது சிறு சிறு பக்கங்களாக நடக்கும். அழிப்பதோ, நூற்றுக்கணக்கான பக்கங்கள் அடங்கிய ஒரு தொகுதி முழுவதையும் ஒரே நேரத்தில் அழித்தால்தான் உண்டு. ஒரு தொகுதியில் பாதி வேண்டியதும் பாதி வேண்டாததுமாகக் கலந்திருந்தால், சில்லு முதலில் வேண்டியதை வேறோர் இடத்துக்குப் பெயர்த்து எழுதிவிட்டு, பிறகுதான் அந்தத் தொகுதியை அழிக்கும். பெயர்த்து எழுதுவதற்குக் காலியான தொகுதிகள் கையிருப்பில் இருக்க வேண்டும். அவை குறையக் குறைய ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் பெரிய இடமாற்றம் தேவைப்படுகிறது. நிரம்பிய போனில் கேமரா திறக்கத் தாமதமாவதும், தட்டச்சு செய்யும்போது எழுத்துகள் திணறி வருவதும் பல நேரங்களில் இதனால்தான். எனவே காலியிடத்தை எச்சரிக்கை எல்லைக்குச் சற்று மேலே கொண்டுவந்தால் மட்டும் போதாது. சில ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி கேலரிக்கு வருவோம். சேமிப்பில் உள்ள படங்கள் அனைத்தையும் கேலரி காட்டிவிடும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் கேலரி ஒவ்வொரு முறையும் சேமிப்பிடம் முழுவதையும் துழாவிப் பார்ப்பதில்லை. மீடியாஸ்டோர் என்று ஆண்ட்ராய்டு ஒரு தரவுத்தளத்தை வைத்திருக்கிறது. எந்தப் படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எப்போது எடுத்தது என்ற குறிப்புகள் அதில் இருக்கும். கேலரி படிப்பது அந்தக் குறிப்புகளைத்தான். நூலகத்தின் நூற்பட்டியலில் ஏறாத புத்தகமும் அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டுதானே இருக்கும்? இங்கும் அதே கதைதான். ஒரு படம் பட்டியலில் சேர்க்கப்படவில்லை என்றால் கேலரியில் தெரியாது. ஆனால் அது பிடித்திருக்கும் இடத்தில் ஒரு பைட்டுகூடக் குறையாது.

பட்டியலில் சேர்க்காதே என்று சொல்வதற்கு ஆண்ட்ராய்டில் மிக எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு ஃபோல்டருக்குள் `.nomedia` என்ற பெயரில் வெறும் கோப்பு ஒன்றைப் போட்டுவைத்தால் போதும். அதற்குள் எதுவும் எழுதியிருக்க வேண்டியதில்லை. அந்த ஃபோல்டரிலும் அதற்குக் கீழே உள்ள ஃபோல்டர்களிலும் இருக்கும் படம், வீடியோ, ஒலி எதுவும் கேலரிக்குப் போகாது. விளையாட்டுச் செயலி தன் பொத்தான் படங்களையும் ஒலிகளையும் உங்கள் குடும்பப் படங்களோடு கலந்துவிடாமல் இருக்க இது அவசியம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதே ஏற்பாட்டை வாட்ஸ்அப்பும் பயன்படுத்துகிறது. அங்கேதான் நம் ஆசிரியையின் இடம் பெரிய அளவில் மறைந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு வந்த போன்களில் வாட்ஸ்அப்பின் படங்களும் வீடியோக்களும் இந்த இடத்தில் இருக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

கூகுளின் Files செயலியையோ போனுடன் வந்த வேறு கோப்பு மேலாளரையோ திறந்து, உள்சேமிப்பிடத்திலிருந்து இந்த வரிசையில் ஒவ்வொன்றாக உள்ளே போகலாம். அங்கே `WhatsApp Images`, `WhatsApp Video`, `WhatsApp Documents`, `WhatsApp Voice Notes` என்று தனித்தனி ஃபோல்டர்கள் இருக்கும். `WhatsApp Video` ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே `Sent` என்று இன்னொன்று. நீங்கள் அனுப்பிய வீடியோக்களின் பிரதிகள் எல்லாம் அதில்தான் சேருகின்றன. படங்களுக்கும் ஆவணங்களுக்கும் இதேபோல ஒவ்வொரு `Sent` உண்டு.

ஏன் பிரதி எடுக்க வேண்டும்? கேமராவில் எடுத்த வீடியோவை அனுப்பும்போது வாட்ஸ்அப் அதை அப்படியே அனுப்புவதில்லை. தரத்தைக் குறைத்து, சிறிதாக்கிப் புதிய கோப்பாகச் செய்துதான் அனுப்புகிறது. உரையாடலை மேலே தள்ளிப் பார்க்கும்போது நீங்கள் அனுப்பியதும் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக அந்தப் புதிய கோப்பை வைத்துக்கொள்கிறது. அதே வீடியோ ஏற்கெனவே கேமரா ஃபோல்டரில் இருப்பதால், கேலரியில் இரண்டு இரண்டாகத் தெரியாமல் இருக்க `Sent`-இல் ஒரு `.nomedia` வைத்துவிடுகிறது. கேலரியிலிருந்து ஒரே வீடியோவை இன்றைக்கு ஒரு குழுவுக்கும் நாளைக்கு இன்னொரு குழுவுக்கும் தனித்தனியாக அனுப்பினால் இரண்டு பிரதிகள் உருவாகிவிடலாம். பிறகு கேமராவில் உள்ள மூல வீடியோவை அழித்தாலும் `Sent`-இல் இருப்பது அப்படியே இருக்கும். நம் ஆசிரியையின் போனில் அனுப்பிய வீடியோக்கள் மட்டும் 3 ஜிபி. அவர் கேலரியில் ஒருநாளும் பார்த்திராத 3 ஜிபி.

வந்து சேர்ந்த வீடியோக்களில் பாதியும் இப்படித்தான் கண்ணுக்கு மறைந்திருக்கின்றன. வாட்ஸ்அப் அமைப்பில் Media visibility என்று ஒன்று உண்டு. குழுப் படங்கள் கேலரியில் வந்து குவிவது பிடிக்காமல் பலர் அதை நிறுத்தி வைத்திருப்பார்கள். நிறுத்தினால் படங்கள் இறங்குவது நிற்காது. கேலரிக்குத் தெரியாத இடத்தில் இறங்கும், அவ்வளவே. கேலரி தூய்மையாகத் தெரியும், சேமிப்பிடம் முன்போலவே நிரம்பிக்கொண்டிருக்கும். படங்களே இல்லாத போன் நிரம்பிவிட்டது என்ற புகாருக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அழிப்பதை வாட்ஸ்அப்புக்குள்ளிருந்தே தொடங்குவது நல்லது. Settings, அதில் Storage and data, அதில் Manage storage. ‘5 எம்பிக்கு மேற்பட்டவை’, ‘பலமுறை முன்னனுப்பப்பட்டவை’ என்ற இரண்டு தொகுப்புகள் மேலே இருக்கும். கீழே எந்த உரையாடல் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற பட்டியல், பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். இங்கிருந்து அழிக்கும்போது ஒவ்வொன்றும் யார் அனுப்பியது, எந்த உரையாடலைச் சேர்ந்தது என்பது தெரியும். அதனால் கைதவறி முக்கியமானதை அழிக்கும் வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் முதல் மூன்று நான்கு குழுக்களிலேயே பாதிக்கு மேல் அடங்கிவிடும். நம் மாதிரிப் போனில் இந்த வழியில் 3 ஜிபி கிடைத்தது.

ஆனால் அந்தப் பட்டியலில் வராத கோப்புகளும் இருக்கின்றன. ஓர் உரையாடலைத் துடைத்தெடுக்கும்போது, அதில் வந்த படங்களையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று வாட்ஸ்அப் கேட்கும். அந்தக் கட்டத்தில் குறி போடாமல் சரி என்று அழுத்தியிருந்தால் செய்திகள் மட்டும் போகும், கோப்புகள் ஃபோல்டரிலேயே தங்கிவிடும். இனி அவற்றுக்குச் சொந்தமான உரையாடல் கிடையாது. எனவே எந்த உரையாடலின் கணக்கிலும் அவை வராது. பழைய வகுப்புக் குழுக்களை ஆண்டுதோறும் நீக்கிய ஆசிரியைக்கு இப்படி 2.1 ஜிபி வீடியோக்கள் தங்கியிருந்தன. இவற்றைக் கோப்பு மேலாளரில்தான் பிடிக்க முடியும். `WhatsApp Video` ஃபோல்டரில் அளவின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். கோப்பின் பெயரிலேயே நாள் இருக்கும். `VID-20220614-WA0007.mp4` என்றால் 2022 ஜூன் 14-இல் வந்தது. அந்த ஆண்டின் குழு இப்போது வாட்ஸ்அப்பில் இல்லை என்றால் அந்த வீடியோவும் அநாதைதான்.

`Sent` ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிடலாம் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. கேமராவில் இருந்த மூலத்தை முன்பே அழித்திருந்தால், தரம் குறைந்த அந்தப் பிரதிதான் உங்களிடம் எஞ்சியிருக்கும் ஒரே பிரதி. குழந்தை முதலடி வைத்ததை ஊருக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்தவர்கள் எத்தனையோ பேர். ஒருமுறை மேலோட்டமாகவாவது பார்த்து, வேண்டியதைக் கணினிக்கோ கூகுள் போட்டோஸுக்கோ எடுத்துக்கொண்டு, பிறகு மீதியை அழியுங்கள். நம் ஆசிரியை 300 எம்பியை எடுத்து வைத்துவிட்டு 2.7 ஜிபியை அழித்தார்.

அதே வாட்ஸ்அப் ஃபோல்டரில் `Databases` என்று ஒன்று இருக்கும். உரையாடல்களின் மறைகுறியிட்ட காப்புப் பிரதிகள் அதில் இருக்கின்றன. கடந்த ஏழு நாள் வரையிலான காப்புகளை வைத்திருப்பது வாட்ஸ்அப்பின் வழக்கம். ஒவ்வொன்றும் 200 எம்பி என்றால் எல்லாம் சேர்த்து ஒன்றரை ஜிபி வந்துவிடும். அழிக்கத் தோன்றும். அதைத் தொட வேண்டாம். அழித்தாலும் ஒரு வாரத்தில் அதே அளவுக்குத் திரும்ப வளர்ந்துவிடும். நடுவில் போன் பழுதானால் உரையாடல்களை மீட்க இருந்த ஒரு வழியும் போயிருக்கும்.

இவ்வளவையும் கோப்பு மேலாளரில் அழித்துவிட்டுச் சேமிப்பிடக் கணக்கைப் பார்த்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எண் அசைந்திருக்காது. காரணம், அழித்தவை குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கின்றன. ஆண்ட்ராய்டு 11 முதல் இது இயங்குதளத்திலேயே இருக்கும் வசதி. அது நடக்கும் விதம் எளிமையானது. கோப்பு வேறெங்கும் நகர்வதில்லை. இருந்த ஃபோல்டரிலேயே பெயர் மட்டும் மாறுகிறது:

```
.trashed-1735689600-VID-20220614-WA0007.mp4
```

முன்னால் இருக்கும் புள்ளி, இது மறைக்கப்பட்ட கோப்பு என்பதற்கான அடையாளம். நடுவில் உள்ள நீண்ட எண், 1970 ஜனவரி 1 தொடங்கி எண்ணப்பட்ட நொடிகள். 1735689600 என்பது 2025 ஜனவரி 1, இந்திய நேரப்படி காலை ஐந்தரை மணி. அந்த நேரம் கடந்த பிறகுதான் இயங்குதளம் இதை உண்மையில் நீக்கும். வழக்கமான கெடு 30 நாள் என்பதால், இந்த வீடியோவை 2024 டிசம்பர் 2-இல் அழித்திருக்கிறார்கள் என்று பெயரிலிருந்தே சொல்லிவிடலாம். கோப்பு மேலாளரில் மறைக்கப்பட்ட கோப்புகளைக் காட்டச் சொன்னால் இத்தகைய பெயர்களை நீங்களும் பார்க்கலாம்.

கைதவறி அழித்ததை மீட்க இந்த முப்பது நாள் பெரிய உதவி. ஆனால் இடம் இல்லாமல் தவிப்பவர் மேலும் மேலும் அழிக்க, அத்தனையும் தொட்டியில் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். குப்பைத்தொட்டி ஒன்று மட்டும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். போனின் கேலரிக்கு ஒன்று, கோப்பு மேலாளருக்கு ஒன்று, கூகுள் போட்டோஸுக்கு ஒன்று என்று தனித்தனியாகத் திறந்து காலி செய்ய வேண்டியிருக்கும். கூகுள் போட்டோஸில், இணையத்தில் காப்பு எடுத்தவை 60 நாளும் எடுக்காதவை 30 நாளும் தங்கும். நம் ஆசிரியையின் 3.4 ஜிபி இப்படிச் சேர்ந்ததுதான். பத்துப் பத்தாக அவர் அழித்த படங்களும், ஒரு விழாவில் எடுத்துவிட்டு வேண்டாம் என்று நீக்கிய நீண்ட வீடியோக்களும் அதில் கிடந்தன. வேலையைத் தொடங்கும்போது முதலில் தொட்டிகளைக் காலி செய்யுங்கள். வேலை முடிந்த பிறகு இன்னொரு முறையும் காலி செய்யுங்கள். காலி செய்யும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. தொட்டியிலிருந்தும் போனால் திரும்பக் கிடைக்காது.

தொட்டியைக் காலி செய்த பிறகும் எண் குறையவில்லை என்றால் போனை ஒருமுறை அணைத்து இயக்கிப் பாருங்கள். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். அதில் ஒரு கோப்பை ஏதாவது செயலி திறந்து வைத்திருக்கும்போது அழித்தால் பெயர் உடனே மறைந்துவிடும். அந்தச் செயலி கோப்பை மூடும் வரை இடம் மட்டும் விடுபடாது. போனை அணைத்தால் எல்லாச் செயலிகளும் கோப்புகளை விட்டுவிடுகின்றன.

அடுத்தது செயலிகளின் 19 ஜிபி. இதில் செயலிகள் மட்டும் 10 ஜிபி. மீதி 9 ஜிபி அவை சேர்த்துவைத்தது. இங்கே எதை அழிக்கலாம் என்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதும். இதே கோப்பு வேறெங்காவது இருக்கிறதா? டெலிகிராமையும் வாட்ஸ்அப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் பொருள் புரியும். டெலிகிராமின் சாதாரண உரையாடல்களில் வரும் படமும் வீடியோவும் அதன் சேவையகங்களில் இருக்கின்றன. போனில் இருப்பது வேகமாகத் திறப்பதற்கான பிரதி. அழித்துவிட்டு அதே வீடியோவை மறுபடி தொட்டால் மறுபடி இறங்கும். வாட்ஸ்அப்பில் அப்படி இல்லை. பெறுபவர் இறக்கிக்கொண்ட கோப்பை நெடுநாள் காத்துவைக்கும் இடம் அதன் சேவையகத்தில் கிடையாது. உங்கள் போனில் அழித்த பிறகு, அனுப்பியவரிடமே மறுபடி கேட்க வேண்டியதுதான். அதனால்தான் டெலிகிராமின் 4 ஜிபியைப் பார்க்காமலேயே அழிக்கலாம், வாட்ஸ்அப்பின் 4 ஜிபியை ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்க வேண்டும்.

டெலிகிராமில் Settings, Data and Storage, Storage Usage என்று போனால் அழிக்கும் பொத்தானும் இருக்கும், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற கெடுவும் இருக்கும். கெடு எப்போதைக்கும் என்று இருந்தால் ஒரு வாரம் அல்லது ஒரு மாதம் என்று மாற்றிவிடுங்கள். பிறகு அது தானே அடங்கியிருக்கும். நம் போனில் இதில் 4 ஜிபி கிடைத்தது. ஒரு திரைப்படச் செயலியில் ஊர்ப்பயணத்துக்கென்று இறக்கிவைத்துப் பார்த்து முடித்த படங்கள் 3 ஜிபி. அவை அந்தச் செயலியின் Downloads பகுதியில்தான் தெரியும். வேறெங்கிருந்தும் தெரியாது, ஏனென்றால் ஆண்ட்ராய்டு 11 முதல் ஒரு செயலியின் `Android/data` ஃபோல்டரை மற்றச் செயலிகள் எட்டிப்பார்க்க முடியாது.

போனின் Settings-இல் ஒரு செயலியைத் திறந்தால் Clear cache, Clear storage என்ற இரண்டு பொத்தான்கள் அருகருகே இருக்கும். முதலாவது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும். அதனால் தீங்கு இல்லை. நீடித்த பயனும் இல்லை, செயலியைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அவை திரும்பச் சேரும். தவிர, இடம் மிகவும் குறைந்தால் இந்தத் தற்காலிகக் கோப்புகளை ஆண்ட்ராய்டே நீக்கிக்கொள்ளும். இதை மட்டும் செய்துவிட்டு இத்தனை ஜிபி மீட்டோம் என்று காட்டும் ‘கிளீனர்’ செயலிகளை நிறுவாதீர்கள். அவை தாமே இடம் பிடிப்பவை. இரண்டாவது பொத்தான் ஆபத்தானது. அது செயலியைப் புதிதாக நிறுவிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். வாட்ஸ்அப்பில் அதை அழுத்தினால் போனில் உள்ள உரையாடல் தரவுத்தளமே போகும். டெலிகிராமில் அழுத்தினால் அந்த ஒரு போனில் மட்டும் இருக்கும் ரகசிய உரையாடல்கள் போகும். கூடுதல் இடம் காட்டுகிறதே என்பதற்காக அதைத் தொட வேண்டாம்.

ஐபோனில் படம் சற்று வேறு. அங்கே வாட்ஸ்அப் தன் கோப்புகளைச் செயலிக்குள்ளேயே வைத்திருக்கும், ஃபோல்டராகத் திறந்து பார்க்க வழியில்லை. புகைப்படங்களில் சேமி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் வந்த படம் செயலிக்குள் ஒன்றும் Photos-இல் ஒன்றுமாக இருமுறை இடம் பிடிக்கும். Photos-இல் அழிப்பது செயலிக்குள் இருப்பதைத் தொடாது. எனவே அங்கே Manage storage வழிதான் முதன்மையானது. Recently Deleted தொகுப்பையும் மறக்காமல் காலி செய்ய வேண்டும்.

நம் மாதிரிப் போனின் கணக்கை முடிப்போம். பழைய குப்பை 3.4, டெலிகிராம் 4, பார்த்து முடித்த படங்கள் 3, வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து 3, உரையாடல் இல்லாத வீடியோக்கள் 2.1, அனுப்பியவற்றின் பிரதிகள் 2.7. மொத்தம் 18.2 ஜிபி. ஏற்கெனவே இருந்த 0.4-உடன் சேர்த்து 18.6 ஜிபி இப்போது காலி. கேமரா ஃபோல்டரில் இருந்த 420 படங்களில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

இது மறுபடி நிரம்பும் வேகத்தைக் குறைக்க வாட்ஸ்அப்பில் மாற்ற வேண்டியது ஒன்றுதான். Storage and data பகுதியில் மீடியா தானாக இறங்குவதற்கான அமைப்பு மூன்று நிலைகளுக்குத் தனித்தனியாக இருக்கும். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது, வைஃபையில் இருக்கும்போது, ரோமிங்கில் இருக்கும்போது. பலரும் டேட்டா செலவை நினைத்து முதலாவதை மட்டும் நிறுத்திவிட்டு வைஃபையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வீடியோக்கள் மொத்தமாக இறங்குவது அங்கேதான். வீட்டுக்கு வந்து போன் வைஃபையில் இணைந்ததும், பகல் முழுக்கக் குழுக்களில் வந்த அத்தனையும் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். வைஃபைக்கும் வீடியோ, ஆவணம் இரண்டின் குறியையும் எடுத்துவிடுங்கள். தொட்டால் மட்டும் இறங்கும். படங்கள் சிறியவை, அவற்றை விட்டுவைக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு எஞ்சியிருப்பது கேமராதான். நிமிடத்துக்கு 127 எம்பி என்ற அதே கணக்கில் 18.6 ஜிபி என்பது சுமார் 146 நிமிட வீடியோ. பள்ளி ஆண்டு விழாவை ஆசிரியை தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டரை மணி நேரம் பதிவு செய்தால் போன் மறுபடி நிரம்பிவிடும். ஆனால் இந்த முறை நிரப்பியது எது என்று கேலரியைத் திறந்ததுமே தெரியும். யுஎஸ்பி கேபிளில் அதைக் கணினிக்கு மாற்றி, கணினியில் திறந்து ஓட்டிப் பார்த்து, பிறகு போனில் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தால் அந்த 18 ஜிபியும் முழுதாகத் திரும்பக் கிடைக்கும்.